பிள்ளை, வீதி, தண்ணீர் மூன்றும் சேரும் காட்சி: படப்பிடிப்புக்கு முன் பாதுகாப்புத் திட்டம் எழுதும் முறை

யாழ்ப்பாணத்தில் பத்துப் பதினைந்து பேர், ஒரு கமரா, ஒரு வான் என்ற அளவில் குறும்படமோ பாடல் காட்சியோ எடுக்கும் குழுக்களுக்காக இதை எழுதுகிறோம். பெரிய நிறுவனங்களில் பாதுகாப்புக்கென்று தனி ஆள் இருப்பார். சிறு குழுவில் அந்த வேலை யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். படப்பிடிப்பு நாள் காலையில் தயாரிப்பு முகாமையாளர் "எல்லாரும் கவனமா நில்லுங்கோ" என்று சொல்வதோடு அது முடிந்துவிடும். அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே ஒரு காட்சியை வைத்துப் படிப்படியாகச் சொல்கிறோம்.

காட்சி இதுதான். விடிந்தும் விடியாத நேரம். பத்து வயதுப் பையன் ஒருவன் பண்ணைப் பாலத்து வீதியால் சைக்கிளில் வருகிறான். எதிரே இ.போ.ச பஸ் ஒன்று அவனைக் கடந்து போகிறது. சைக்கிளை வீதியோரம் சாய்த்துவிட்டுக் கடல்நீரேரியில் இறங்குகிறான். இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய், கட்டிக் கிடக்கும் தகப்பனின் வள்ளத்தில் ஏறுகிறான். திரையில் ஒரு நிமிடம்கூட வராது. ஆனால் பிள்ளை, வீதி, தண்ணீர் மூன்றும் இதற்குள் இருக்கின்றன.

1. காட்சியை ஷொட் ஷொட்டாக உடையுங்கள்

"பையன் பாலத்தில் சைக்கிள் ஓடுகிறான்: ஆபத்து, வாகனம்" என்று ஒரே வரியில் எழுதிய மதிப்பீட்டால் பயனில்லை. ஒவ்வொரு ஷொட்டையும் தனி வரியாக எழுதுங்கள். எதிரே நான்கு விடயங்கள் வர வேண்டும்: யாருக்கு ஆபத்து, எப்படி நடக்கும், என்ன செய்யப் போகிறோம், அதற்கு யார் பொறுப்பு. கடைசிக் கட்டத்தில் "குழு" என்று எழுதக் கூடாது. ஒருவரின் பெயர் இருக்க வேண்டும். குழுவின் பொறுப்பு என்று எழுதியதை வீதியில் நிற்கும் நேரத்தில் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

"யாருக்கு" என்ற கட்டத்தில் நடிகரை மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். பின்பக்கமாக நடந்துகொண்டே படம் எடுக்கும் கமராக்காரர், தலையில் ஹெட்போன் மாட்டியிருப்பதால் ஹோர்ன் சத்தம் கேட்காத ஒலிப்பதிவாளர், வேடிக்கை பார்க்கச் சைக்கிளை நிறுத்தும் ஊர்ப் பிள்ளைகள், கமராவைப் பார்த்துத் திரும்பும் மோட்டார் சைக்கிள்காரர் எல்லாரும் அந்தக் கட்டத்துக்குள் வருவார்கள். வீதிப் படப்பிடிப்பில் முதலில் அடிபடக்கூடியவர் பெரும்பாலும் கமராக்காரர்தான். அவருடைய கண் ஒரு சதுரத்துக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. அவரின் இடுப்புப் பட்டியைப் பிடித்தபடி பின்னால் நடப்பதற்கென்றே ஒருவரைப் போடுங்கள்.

2. இலக்கம் போடுங்கள், ஆனால் உங்களையே ஏமாற்றாதீர்கள்

பொதுவான முறை எளிமையானது. நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை ஓர் இலக்கம், நடந்தால் வரும் பாதிப்புக்கு 1 முதல் 5 வரை இன்னோர் இலக்கம். இரண்டையும் பெருக்குங்கள். 25 வந்தால் மிக மோசம்.

தவறு நடப்பது இரண்டாவது இலக்கத்தில். "ஆள் நிற்கிறார், ஆகவே பாதிப்பை 5 இலிருந்து 3 ஆக்கலாம்" என்று எழுதுவார்கள். 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் பிள்ளையை மோதினால் வரும் பாதிப்பு, பக்கத்தில் எத்தனை பேர் நின்றாலும் மாறாது. நீரில் மூழ்குவதும் அப்படித்தான். பிள்ளை, வீதி, தண்ணீர் சம்பந்தப்பட்ட வரிகளில் பாதிப்பு எப்போதும் 5. உங்கள் ஏற்பாடுகளால் குறையக்கூடியது வாய்ப்பு மட்டுமே.

எங்கள் காட்சியில், வாகனங்கள் வழமைபோல ஓடும் பண்ணை வீதியில் பையன் சைக்கிள் ஓடுவது 4×5=20. இரு பக்கமும் கொடியோடு ஆட்களை நிறுத்தினால் வாய்ப்பு 3 ஆகலாம். அப்போதும் 15 வருகிறது. ஏற்பாடுகளுக்குப் பிறகும் 10 அல்லது அதற்கு மேல் வந்தால், அந்த ஷொட்டை எழுதியபடி எடுப்பதில்லை என்று முதலிலேயே முடிவுசெய்து, இயக்குநரிடமும் கையொப்பம் வாங்கிவிடுங்கள். படப்பிடிப்பு நாளில் இதைப் பேச இடமிருக்காது.

3. ஆளைக் கூட்டுவதற்கு முன் ஷொட்டை மாற்றுங்கள்

தொப்பி, கொடி, மிதவை அங்கி எல்லாம் கடைசி வரிசைக் காவல். முதலில் கேட்க வேண்டியது, பிள்ளையும் ஆபத்தும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கத்தான் வேண்டுமா என்பது. பெரும்பாலும் தேவையே இருக்காது. எங்கள் காட்சி இப்படி மாறுகிறது.

பாலத்தின் பரந்த ஷொட்டில் சைக்கிள் ஓடுபவர் பையன் அல்ல, அவனைப் போன்ற உருவமுள்ள 18 வயதுக்கு மேற்பட்ட சிறிய உடலமைப்புக்காரர். கமரா தொலைவில் முக்காலியில், வீதிக்கு வெளியே நிற்கும். பஸ்ஸும் அவரும் கடக்கும் ஷொட் அதிலேயே கிடைத்துவிடும்.

பையனின் முகம் தெரியும் சைக்கிள் ஷொட்டுகளை வேலணைப் பக்கம் கடல் தெரியும் ஓர் ஒழுங்கையில் எடுக்கலாம். பின்னணியில் நீரும் வானமும் இருந்தால் பார்வையாளர் அதைப் பாலமென்றே எடுத்துக்கொள்வார். பஸ் கடக்கும் சத்தத்தையும் அவன் சட்டை அடித்துப் பறப்பதையும் தனியாகச் சேர்க்கலாம். வாகனப் போக்குவரத்தை மறித்த ஒழுங்கையில் வாய்ப்பு 1, மொத்தம் 5.

இடுப்பளவு தண்ணீர் முழங்காலளவு ஆகிறது. கமராவை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தாழ்த்தி வைத்தால் முழங்கால் தண்ணீரே ஆழமாகத் தெரியும். இடுப்பளவு கட்டாயம் வேண்டுமென்ற நெருக்க ஷொட்டில் பையன் அதே இடத்தில் முழந்தாளிட்டு இருக்கலாம். இந்த மாற்றம் சிறியதல்ல. இடுப்பளவு நீரில் உடலின் பாரம் மிதப்பில் போய்விடும், கால் தரையைப் பிடிக்காது, ஒரு சிறு அலையே பிள்ளையைச் சாய்த்துவிடும். முழங்காலளவில் விழுந்தாலும் தானே எழுந்து நிற்பான்.

வள்ளம் நகராது. முன்னும் பின்னும் கயிற்றால் கட்டி, எஞ்சினைக் கழற்றிக் கரையில் வைத்துவிடுங்கள். பைபர் வள்ளத்தின் பக்கத்தால் ஏறினால் அது ஏறுபவர் பக்கம் சாயும். எதிர்ப்பக்கத்தில் ஒரு பெரியவர் பாரமாகக் குந்தியிருக்க வேண்டும். கமராவில் அவர் தெரியாத கோணத்தைப் பாருங்கள்.

4. இடத்தைப் படப்பிடிப்பு நடக்கும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள்

பின்னேரம் போய் "வீதி காலியாத்தானே கிடக்கு" என்று சொல்லிவிட்டு வரக் கூடாது. காலை 6 மணிக்கு எடுப்பதென்றால் காலை 6 மணிக்கு, அதே கிழமையில் போங்கள். பதினைந்து நிமிடத்துக்கு எத்தனை வாகனம், எந்த வகை என்று எண்ணி எழுதுங்கள். பாடசாலைகள் 7.30க்குத் தொடங்குவதால் 6.45க்குப் பிறகு வீதியின் நிலையே மாறிவிடும்.

கிழமையைத் தெரிவுசெய்வதில் வெளியூர்க் குழுக்கள் அடிக்கடி சறுக்கும். விடுமுறை என்று போயா தினத்தையோ ஞாயிற்றுக்கிழமையையோ எடுப்பார்கள். பண்ணை வீதியால்தான் குறிகட்டுவானுக்கும் அங்கிருந்து நயினாதீவுக்கும் போகிறவர்கள் போகிறார்கள். நாக விகாரைக்கும் நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் வரும் யாத்திரை பஸ்கள் அந்த நாட்களில் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். வீதி தெரியாத சாரதிகள், வேகம், அகலம் குறைந்த பாதை. பாடசாலை விடுமுறைக் காலத்துச் செவ்வாயோ புதனோ இதைவிட எவ்வளவோ மேல். காற்றையும் சேர்த்துப் பாருங்கள். வைகாசிக்குப் பிறகு சோளகம் பலத்து நீரேரி கலங்கிக் கிடக்கும். ஐப்பசி தொடங்கி மழையும் புயலும். சித்திரை விடுமுறைக் காலைகள் இந்தக் காட்சிக்குப் பொருத்தமானவை. ஆனால் பின்னேரம் இடி வரும்.

ஒழுங்கையில் வளைவு, மதில், வீட்டுப் படலைகள், மணல் படிந்த இடம் எல்லாவற்றையும் கைப்பட வரைபடத்தில் குறியுங்கள். படலையிலிருந்து பின்பக்கமாக வெளியே வரும் ஓட்டோவை எந்தக் கொடிக்காரரும் காண மாட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் முதல்நாள் சொல்லிவைக்க வேண்டும். கட்டாக்காலி மாடுகளும் நாய்களும் தீவுப்பகுதி வீதிகளில் உண்மையான ஆபத்து. சைக்கிளில் வரும் பிள்ளையை நாய் துரத்தினால் அவன் திரும்பும் திசையை யாராலும் சொல்ல முடியாது.

தண்ணீரை அளப்பதற்கு 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போட்ட தடியும், தடித்த அடியுள்ள சப்பாத்தும் போதும். பையன் நடக்கப்போகும் பாதையைச் சுற்றி ஏறத்தாழ 10 மீற்றருக்கு 15 மீற்றர் அளவுள்ள ஒரு செவ்வகத்தை எடுத்து, ஒவ்வொரு மீற்றரிலும் ஆழத்தை எழுதுங்கள். குழி, கல், சிப்பி, உடைந்த போத்தல், பழைய வலைத்துண்டு இருக்கிறதா என்று காலால் தடவிப் பாருங்கள். கால் கணுக்காலுக்கு மேல் சேற்றில் புதைந்தால் அந்த இடம் வேண்டாம். சேற்றில் கால் மாட்டிக்கொண்ட பிள்ளை முன்பக்கமாகத்தான் விழும். பாலத்தின் மதகு வாய்களுக்குப் பக்கத்திலும் எடுக்காதீர்கள். பரந்த நீர் ஒடுங்கிய வாயால் போகும்போது இழுவை கூடும். மேலே பார்த்தால் தண்ணீர் அமைதியாகவே தெரியும்.

களங்கட்டித் தடிகள், கடலட்டைப் பண்ணை வேலிகள் எங்கே தொடங்குகின்றன என்பதை அந்த ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கேளுங்கள். எந்தக் காற்றுக்கு எந்தக் கரையில் தண்ணீர் ஏறும், திருக்கை எங்கே படுக்கும், சொறிமுட்டை எப்போது வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அங்கேயே ஒரு தொழிலாளியை நாட்கூலிக்கு அமர்த்திவிடுங்கள். மொத்தச் செலவில் இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை.

5. கடிதங்கள்: நான்கு வாரத்துக்கு முன்

முதலில் வீதி யாருடையது என்று அறியுங்கள். பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், மாகாண வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபைக்கும் உரியவை. சந்தேகமிருந்தால் கிராம அலுவலர் சொல்வார். எங்கள் காட்சிக்குக் கடிதம் போக வேண்டிய இடங்கள்: பாலத்துக்கும் ஒழுங்கைக்கும் உரிய வீதி அதிகாரிகள், அந்தந்தப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி, பிரதேச செயலாளர், கடற்றொழிலாளர் சங்கம். கரையோரத்தில் கடற்படை முகாம் அருகிலிருந்தால் அவர்களுக்கும் எழுதுங்கள். ட்ரோன் பறப்பதென்றால் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதி வேறாக வேண்டும்.

கடிதத்தில் திகதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், வரைபடம், ஆட்கள் எத்தனை பேர், வாகனங்கள் எத்தனை, வீதியில் சரியாக என்ன நடக்கும், ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிடம் மறிக்கப்படும், பாதுகாப்புக்குப் பொறுப்பானவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்க வேண்டும். ஆபத்து மதிப்பீட்டையும் இணையுங்கள். பொலிஸுக்குப் போகும் கடிதத்தோடு சிங்களப் பிரதி ஒன்றும் இருந்தால் வேலை விரைவாக நடக்கும். ஒவ்வொரு அலுவலகத்திலும் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, படம் எடுக்கக் கிடைத்த அனுமதியை வீதியை மறிக்கக் கிடைத்த அனுமதியாக நினைப்பது. இரண்டும் வேறு. வாகனத்தை நிறுத்தும் அதிகாரம் சீருடையில் நிற்கும் பொலிஸாருக்குத்தான் உண்டு. உங்கள் உதவி இயக்குநர் கையைக் காட்டி நிறுத்தினால் அதற்குச் சட்டப் பலமில்லை, விபத்து நடந்தால் பழி அவர் மேல் வரும். மற்றது, தொலைபேசியில் கிடைத்த "ஓம், எடுங்கோ". அதைச் சொன்னவர் அடுத்த வாரம் இடமாற்றத்தில் போயிருக்கலாம்.

6. பிள்ளைக்கான தாள்கள்

இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021ஆம் ஆண்டு 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே பத்து வயதுப் பையன் சம்பளத்துக்கு நடிக்கும்போது "சொந்தக்காரப் பிள்ளைதானே" என்று விட்டுவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்குக் காட்சியின் விபரத்தோடு கடிதம் எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். அவருக்கும் முன்கூட்டியே தெரிவியுங்கள். பாடசாலை மூலம் பிள்ளைகளை எடுப்பதென்றால் அதிபரோடு நிற்காமல் வலயக் கல்விப் பணிமனைக்கும் எழுத வேண்டும்.

பெற்றோர் சம்மதப் படிவத்தில் "நடிக்கச் சம்மதிக்கிறேன்" என்ற ஒற்றை வரி போதாது. "முழங்காலளவு கடல்நீரில் நடப்பது, கட்டிய வள்ளத்தில் ஏறுவது, மறித்த ஒழுங்கையில் சைக்கிள் ஓடுவது" என்று செய்யப்போவதை ஒவ்வொன்றாக எழுதுங்கள். முட்டு, வலிப்பு, ஒவ்வாமை, காது நோய், அண்மையில் காய்ச்சல், எடுக்கும் மருந்து ஆகியவற்றைக் கேளுங்கள். நீந்தத் தெரியுமா என்றும் கேளுங்கள், ஆனால் "தெரியும்" என்ற பதிலை நம்பி ஓர் ஏற்பாட்டைக்கூடக் குறைக்காதீர்கள். கேணியில் நீந்தும் பிள்ளைக்கு உடுப்போடு சேற்றுக் கடலில் நீந்தத் தெரியும் என்று சொல்ல முடியாது.

தாயோ தகப்பனோ படப்பிடிப்பு முழுவதும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்க வேண்டும். அவரைத் தவிர பிள்ளைப் பொறுப்பாளர் என்று இன்னொருவரும் வேண்டும். காரணம் எளிது. பெற்றோர் இயக்குநருக்கு முன்னால் "போதும், நிறுத்துங்கோ" என்று சொல்லக் கூச்சப்படுவார்கள், பிள்ளை நன்றாகச் செய்ய வேண்டும் என்ற ஆசையும் இருக்கும். பொறுப்பாளருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். அவர் கையை உயர்த்தினால் கமரா ஓடிக்கொண்டிருந்தாலும் காட்சி நிற்க வேண்டும்.

நேரத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் அளவு இது: காத்திருப்பையும் சேர்த்து நான்கு மணித்தியாலம், தொடர்ந்து வேலை முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் இல்லை, தண்ணீருக்குள் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம். பெரியவர்களுக்கு விடியற்காலை 4.30 என்றால் பிள்ளைக்கு 6 மணி. கமரா பூட்டும் வரை அவன் வீட்டில் நித்திரை கொள்ளட்டும். வீதியையும் தண்ணீரையும் ஒரே காலையில் முடிக்கப் பார்க்காதீர்கள், இரண்டு அரைநாளாகப் பிரியுங்கள். களைத்த பிள்ளை தண்ணீருக்குள் தடுமாறும், நனைந்த பிள்ளை சைக்கிளில் நடுங்கும்.

7. வீதி நாள்

60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடும். சாரதி கண்டு, காலை பிரேக்கில் வைப்பதற்குள் 25 மீற்றர் போய்விடும். உலர்ந்த வீதியில் நிற்பதற்கு இன்னும் 20 மீற்றராவது வேண்டும். ஆள் நிறைந்த பஸ்ஸுக்கும் மணல் படிந்த தாருக்கும் இது இன்னும் கூடும். ஆகவே கமராவிலிருந்து 20 மீற்றரில் கொடியோடு நிற்பவரால் எந்தப் பயனும் இல்லை. பால ஷொட்டுக்கு இரு பக்கமும் 150 முதல் 200 மீற்றரில் ஒளிதெறிக்கும் மேலங்கியோடு ஒவ்வொருவரை நிறுத்துங்கள். அவர்களின் வேலை மறிப்பதல்ல, வருவதை முன்கூட்டியே சொல்வது. வாக்கிடோக்கிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டியிருப்பதால், சிறு குழுவுக்குத் தொலைபேசிக் குழு அழைப்பே எளிது. அதை முதல்நாளே அந்த இடத்தில் பரீட்சித்துப் பாருங்கள், சமிக்ஞை விட்டுவிட்டு வரும். அதனால் கொடி மொழியும் வேண்டும்: சிவப்பு உயர்ந்தால் எல்லாரும் வீதியை விட்டு வெளியே, பச்சை உயர்ந்தால் தெளிவு. எந்தக் கொடியும் தெரியாவிட்டால் சிவப்பு என்றே அர்த்தம்.

ஒழுங்கையில் பொலிஸார் மறிக்கும்போது ஒரு தடவைக்கு 90 செக்கனுக்கு மேல் வைத்திருக்காதீர்கள். காலை மீன் கொண்டு சந்தைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. பொறுமையிழந்தவர் மோட்டார் சைக்கிளை மெதுவாகப் புகுத்துவார், பின்னால் நிற்கும் எல்லாரும் வருவார்கள். இரண்டு டேக்குக்கு இடையில் வீதியை முழுதாகத் திறந்துவிடுங்கள். அம்புலன்ஸோ நோயாளியோ வந்தால் காட்சி அந்த இடத்திலேயே நிற்கும்.

சைக்கிள் காட்சிக்கு அழகானதாக இருப்பதைவிட பையனுக்கு அளவானதாக இருப்பது முக்கியம். இருக்கையில் இருந்தால் இரு கால் விரல்களும் தரையைத் தொட வேண்டும். இரண்டு பிரேக்கையும் அன்று காலையில் ஒருவர் ஓடிப் பார்க்க வேண்டும். டேக் ஓடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் தலைக்கவசம் போட்டிருக்கட்டும். பக்கத்தில் வரும் வாகனத்திலிருந்து எடுப்பதென்றால், திறந்த டிக்கியில் கால் தொங்கவிட்டுக் குந்தியிருந்து எடுக்காதீர்கள். வாகனத்துக்குள் இருந்து, பட்டி கட்டி, யன்னலால் எடுங்கள். வாகனம் பையனுக்கு முன்னாலேயே போக வேண்டும், வேகம் 10 கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும். சாரதி கண்ணாடியில் பையனைப் பார்க்கக் கூடாது, அவர் வீதியைப் பார்க்க, பக்கத்தில் ஒருவர் பையனைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

8. தண்ணீர் நாள்

படம் எடுக்கும் நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன் தடியோடு அதே செவ்வகத்தை மறுபடி அளக்கவும். கிழமைக்கு முன் எழுதிய ஆழம் இன்றைக்கு ஆகாது, காற்று ஒரு பக்கமாகத் தள்ளினால் நீர்மட்டம் மாறும். செவ்வகத்தின் நான்கு மூலையிலும் மிதவை போடுங்கள், கமராவில் தெரியாத தூரத்தில் இருந்தால் போதும். பையன் நடக்கும் பாதையில் முதலில் கடற்றொழிலாளியும் பிறகு பொறுப்பாளரும் நடக்கட்டும். காலைத் தூக்கி வைக்காமல் அடியை அரைத்து நடக்க வேண்டும், மணலில் படுத்திருக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிப் போகும். மிதித்தால்தான் முள் ஏறும். பையனுக்கும் அப்படியே நடக்கப் பழக்குங்கள், கால் தெரியாத இடத்தில் தோல் நிறச் சப்பாத்துப் போடுங்கள்.

பையனிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில், கமராச் சட்டத்துக்கு வெளியே, நீச்சல் தெரிந்த ஒரு பெரியவர் தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும். அவர் கையில் ரிஃப்லெக்டரோ மைக்கோ இருக்கக் கூடாது. கரையில் இன்னொருவர் 15 மீற்றர் மிதக்கும் கயிறு கட்டிய வளையத்தோடு நிற்பார். இருவரும் மூச்சுக் கொடுத்து நெஞ்சை அமுக்கும் முதலுதவியைப் பழகியவர்களாக இருப்பது கட்டாயம். நீரில் மூழ்கியவருக்கு நெஞ்சு அமுக்குவதோடு மூச்சுக் கொடுப்பதும் வேண்டும். காணொளி பார்த்துக் கற்றது போதாது. வள்ளத்திலும் கரைக்கு வெளியே தண்ணீரிலும் நிற்கும் ஒவ்வொருவருக்கும் மிதவை அங்கி. பிள்ளையின் அங்கி அளவானதா என்று பார்க்க, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். காதுவரை ஏறினால் பெரிது, தண்ணீரில் கழன்றுவிடும்.

ஜெனரேற்றர் மின்சாரம் கரையில் வேண்டாம், பற்றரி விளக்குகள் போதும். தவிர்க்கவே முடியாவிட்டால் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் ஒரு வயரும் ஓடக் கூடாது, தண்ணீருக்குப் பத்து மீற்றருக்குள்ளும் வரக் கூடாது.

நிறுத்துவதற்கான அளவுகளை முதல்நாளே தாளில் எழுதி எல்லாரிடமும் கொடுங்கள்: பாதையில் எங்காவது ஆழம் 45 சென்ரிமீற்றரைத் தாண்டினால், நீரேரியில் வெள்ளை நுரை எழத் தொடங்கினால், இடி கேட்டால், பையன் நடுங்கினால் அல்லது "வேண்டாம்" என்றால், தண்ணீரில் நிற்பவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே வந்தால். இடி கேட்ட பிறகு கடைசி இடியிலிருந்து அரை மணித்தியாலம் போகும் வரை யாரும் இறங்குவதில்லை.

9. ஒரு பக்க அவசரத் தாள்

சுவசெரிய அம்புலன்ஸ் 1990, இலவசம். பொலிஸ் 119. தீயணைப்பு 110. சிறுவர் பாதுகாப்பு உதவி இலக்கம் 1929. இவை எல்லாருக்கும் தெரிந்தவைதான். பிரச்சினை வருவது "எங்கே நிற்கிறீர்கள்" என்ற கேள்விக்கு. கடற்கரை ஒழுங்கைக்கு விலாசம் இல்லை. அருகிலுள்ள கோயில், சந்தி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை இரண்டு வரியில் எழுதித் தாளின் உச்சியில் போடுங்கள். பதற்றத்தில் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தாக இருக்கட்டும். சந்தியில் போய் நின்று அம்புலன்ஸை அழைத்துவர ஒருவரின் பெயரும் அதிலேயே இருக்க வேண்டும்.

தீவுப்பகுதியில் எடுப்பதென்றால் ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைக்கும் யாழ் போதனா வைத்தியசாலைக்கும் எத்தனை நிமிடம் என்று அதே காலை நேரத்தில் ஓடிப் பார்த்து எழுதுங்கள். ஒரு வான் முகம் வெளியே பார்த்தபடி, திறப்போடும் சாரதியோடும் நிற்க வேண்டும். "தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாறன்" என்று அந்த வான் போனால் படப்பிடிப்பு நிற்கும். தண்ணீருக்குள் முகம் அமிழ்ந்து இருமிய பிள்ளை, சிரித்துக்கொண்டு நின்றாலும் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டப்பட வேண்டும். மூச்சுத்திணறல் சில மணித்தியாலம் கழித்தும் வரலாம். திருக்கை முள் ஏறினால், தாங்கக்கூடிய அளவு சுடுநீரில் காலை வைத்தபடி வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பெரிய பிளாஸ்க் ஒன்றும் வாளியும் இதற்காகவே கரையில் இருக்கட்டும். வலிக்கும் காலில் மரத்த உணர்வு இருக்கலாம், ஆகவே சூட்டை உதவுபவர் தன் கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

10. செலவும் காப்புறுதியும்

பட்ஜெட்டில் பாதுகாப்பு என்று தனித் தலைப்பு இல்லாவிட்டால் அந்தக் காசு லென்ஸ் வாடகைக்குப் போய்விடும். எங்கள் காட்சிக்கு எழுத வேண்டியவை: இரண்டாவது அரைநாளுக்கான சாப்பாடும் வாகனமும், கொடிக்காரர் இருவர், தண்ணீரில் ஒருவர், கரையில் ஒருவர், பிள்ளைப் பொறுப்பாளர், கடற்றொழிலாளியின் நாட்கூலி, வள்ள வாடகை, காத்திருக்கும் வான், மேலங்கி, கூம்பு, கயிறு, மிதவை அங்கி வாடகை, பொலிஸ் கடமைக்கும் பிரதேச சபைக்குமான கட்டணம். இந்தக் கட்டணங்களை உங்கள் கடிதத்திலேயே எழுத்தில் கேளுங்கள், பற்றுச்சீட்டோடு கட்டுங்கள். வீதியில் நிற்பவரின் கையில் கொடுக்க வேண்டாம்.

கமராவுக்கு எடுத்த காப்புறுதி ஆட்களைக் காக்காது. வீதியால் போகும் மூன்றாம் ஆளுக்கு வரும் சேதத்துக்கும், நடிகருக்கும் குழுவுக்குமான விபத்துக்கும் தனித்தனியே பத்திரம் வேண்டும். பத்திரத்தில் "தண்ணீர் வேலை", "சிறுவர்", "ஓடும் வாகனம்" என்ற சொற்கள் விலக்குப் பட்டியலில் இருக்கின்றனவா என்று வாசியுங்கள். ஆபத்து மதிப்பீட்டின் பிரதியைக் காப்புறுதிக்காரரிடம் முன்கூட்டியே கொடுத்து ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வாங்கினால், பிறகு "இது எங்களுக்குச் சொல்லப்படவில்லை" என்ற வாதம் வராது.

11. அன்று காலைக் கூட்டமும் மாலைக் குறிப்பும்

கமரா பெட்டி திறக்கும் முன் எல்லாரும் வட்டமாக நின்று பத்து நிமிடம். இன்றைய ஆபத்துகள் எவை, நிறுத்தும் அளவுகள் எவை, யார் எங்கே நிற்பார், வான் எங்கே. பையனுக்கு அவன் மொழியில் தனியாகச் சொல்லி, நிறுத்துவதற்கு அவனே ஓர் அடையாளத்தைத் தெரிவுசெய்யட்டும். கடைசி நேரத்தில் இயக்குநர் புதிய ஷொட் ஒன்றை நினைத்தால், அதற்கும் ஒரு வரி எழுதி, இலக்கம் போட்டு, பொறுப்பாளரின் கையொப்பம் பெற்ற பிறகே எடுக்க வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் போகும். வெளிச்சம் போகிறதென்று இதை விட்டால், மற்ற எல்லாத் தாள்களும் அந்த ஷொட்டுக்குச் செல்லாது.

படப்பிடிப்பு முடிந்ததும் பையனைப் பெற்றோரிடம் கையளித்த நேரத்தை எழுதுங்கள். வழுக்கியது, கொடி தெரியாமல் போனது, மாடு குறுக்கே வந்தது போன்ற, காயம் வராமல் தப்பியவற்றையும் அன்றைக்கே நேரத்தோடு எழுதி, மதிப்பீட்டில் அந்த வரியின் இலக்கத்தைத் திருத்துங்கள். அடுத்த நாள் தண்ணீர்க் காட்சி இருந்தால், திருத்திய தாள்தான் காலைக் கூட்டத்துக்குப் போக வேண்டும்.